வினைச்சொல்லின் நடுவே நின்ற காணொளி

ஒரு காணொளியின் சராசரி பிட்ரேட் இணைய இணைப்பின் வேகத்தில் பாதிகூட இல்லை. ஆயினும் அது ஓடும்போது இடையில் நின்றுவிடுகிறது. சென்ற பருவத்தில் எங்கள் துறையில் இப்படியொரு சிக்கல் எழுந்தது. நான் இந்திய சைகை மொழியின் இலக்கணத்தை ஆராய்பவன். கணினியியல் என் துறையன்று. இருப்பினும் இந்தச் சிக்கலின் விடை மொழித் தரவுகளைக் காணொளியாகப் பகிரும் அனைவருக்கும் பயன்படும் என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

சிக்கலுக்குள்ளானது 45 நிமிட விரிவுரை ஒன்று. பெரும்பகுதி அசையாத ஸ்லைடுகள். நடுவில் 40 விநாடிகளுக்கு, மரத்தடியில் நின்று ஒருவர் சைகை மொழியில் கதை சொல்லும் களப்பதிவு வருகிறது. விடுதி இணைப்பில் ஒவ்வொருவருக்கும் விநாடிக்கு 1 மெகாபிட் என்பது உச்சவரம்பு; மாலை வேளையில் அளந்தால் ஏறத்தாழ 900 கிலோபிட் கிடைக்கும். விரிவுரையின் சராசரியோ 420 கிலோபிட்தான். காது கேளாதவரான இளைய ஆய்வாளர் ஒருவர் எனக்கு அனுப்பிய செய்தி இது: “அண்ணா, ‘கொடு’ என்ற வினையின் நடுவில் படம் நின்றுவிட்டது. யாருக்குக் கொடுத்தார் என்று தெரியவில்லை.” சைகை மொழியில் அவ்வினையின் கை எங்கே தொடங்குகிறதோ அங்கே கொடுப்பவர், எங்கே முடிகிறதோ அங்கே பெறுபவர். கை பாதி வழியில் உறைந்தால் வாக்கியத்தின் பாதி காணாமற்போகிறது.

காரணத்தைக் காண, ஒவ்வொரு பிரேமும் எத்தனை பைட் எடுத்துக்கொள்கிறது என்பதை வரிசையாகப் பட்டியலிட்டோம்:

```
ffprobe -v error -select_streams v -show_entries packet=pts_time,size -of csv=p=0 lecture.mp4
```

இப்பட்டியலை விநாடிவாரியாகக் கூட்டி எட்டால் பெருக்கினால், அந்தந்த விநாடிக்குரிய பிட்கள் கிடைக்கும். ஸ்லைடுகள் வரும் இடத்தில் எண்கள் மிகச் சிறியவை. களப்பதிவு தொடங்கியதும் அவை 2,400 கிலோபிட்டுக்குத் தாவின. கோப்பு `-crf 23` என்ற அளவில் மட்டும் உருவாக்கப்பட்டிருந்தது. தரத்தை ஒரே சீராக வைத்திரு என்பதே அக்கட்டளையின் பொருள்; எத்தனை பிட் செலவானாலும் அதற்குக் கவலையில்லை. கைகளைக் காட்டிலும், பின்னால் காற்றில் அசைந்த இலைகளே பிட்களைப் பெரிதும் விழுங்கியிருந்தன.

இனி ஒரு சிறு கணக்கு. காணொளியை ஓட்டும் மென்பொருள் 30 விநாடிக்கான படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்திருக்கிறது என்று கொள்வோம். களப்பதிவின் ஒரு விநாடிக்கு 2,400 கிலோபிட் தேவை, வருவதோ 900. ஆக, ஒவ்வொரு விநாடியும் 0.375 விநாடிக்கான படமே வந்து சேர்கிறது, ஒரு விநாடிக்கான படம் செலவாகிறது. கையிருப்பு விநாடிக்கு 0.625 வீதம் கரைந்து 48 விநாடிகளில் தீர்ந்துவிடும். அதற்குள் களப்பதிவில் 18 விநாடிகளே வந்திருக்கும். கதையின் நடுவே படம் நிற்கும். 40 விநாடிப் பதிவு முழுமையாக வந்து சேரும்வரை காத்திருக்கும் நேரம் மொத்தம் ஏறத்தாழ 37 விநாடி.

இந்த உச்சத்தை அடக்குவதற்கு x264 என்கோடரில் இரண்டு எண்கள் உள்ளன. ஒரு தண்ணீர்த்தொட்டியைக் கொண்டு அவற்றை விளங்கிக்கொள்ளலாம். `maxrate` என்பது தொட்டிக்குள் நீர் வரும் வேகம். `bufsize` என்பது தொட்டியின் கொள்ளளவு. ஒவ்வொரு பிரேமும் தனக்கு வேண்டியதைத் தொட்டியிலிருந்து மொண்டுகொள்கிறது. தொட்டி வறண்டுபோகாதபடி பிரேம்களின் அளவைக் கட்டுப்படுத்துவது என்கோடரின் பொறுப்பு. இது பார்ப்பவரின் கணினியிலுள்ள பஃபர் அன்று. என்கோடர் தன் கணக்கிற்காகக் கற்பனை செய்துகொள்ளும் தொட்டி. எந்தக் கால இடைவெளியை எடுத்துக்கொண்டாலும், அதில் செலவாகும் பிட்கள் `maxrate` பெருக்கல் விநாடிகள், கூட்டல் `bufsize` என்ற எல்லையைத் தாண்டா. இந்த உறுதிதான் நமக்கு வேண்டியது.

எண்களை இவ்வாறு தேர்ந்தோம். அளந்து கிடைத்த 900 கிலோபிட்டில் ஒலிக்கு 64 போக மீதம் 836. வேகத்தின் ஏற்ற இறக்கத்திற்கும் பொதியும் செலவுகளுக்கும் இடம் விட்டு 700 என்று வைத்தோம். தொட்டிக்கு அதன் இருமடங்கு, அதாவது இரண்டு விநாடி வரத்து:

```
ffmpeg -i lecture.mp4 -c:v libx264 -preset slow -crf 23 -maxrate 700k -bufsize 1400k -c:a aac -b:a 64k -movflags +faststart out.mp4
```

இப்போது களப்பதிவின் 40 விநாடிகளுக்குப் படம் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்சம் 29,400 கிலோபிட். ஒலியையும் சேர்த்தால் சுமார் 32,000. அது 900 கிலோபிட் இணைப்பில் 36 விநாடிகளுக்குள் வந்துவிடும். கையிருப்பு கரைய வாய்ப்பில்லை. `-crf` அப்படியே இருப்பதால் ஸ்லைடுகளின் தரம் மாறுவதில்லை. வரம்பை முட்டும் இடங்களில் மட்டுமே தரம் விட்டுக்கொடுக்கிறது. `bufsize` எழுதாமல் `maxrate` மட்டும் கொடுத்தால் x264 ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அந்த வரம்பைப் புறக்கணித்துவிடும். ஓடி முடிந்ததும் திரையில் `VBV underflow` என்ற வரி வந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வந்திருந்தால் தொட்டி ஏதோ ஓரிடத்தில் வறண்டிருக்கிறது என்று பொருள்.

தொட்டியின் அளவை மனம்போனபடி வைக்க இயலாது. அரை விநாடி வரத்தான 350 கிலோபிட் என்று சுருக்கினால், புதிய ஸ்லைடின் முதல் பிரேமே தொட்டியைக் காலி செய்துவிடக்கூடும். அப்போது எழுத்துகள் மங்கலாகத் தோன்றிப் பிறகு மெல்லத் தெளியும். தொட்டி சிறிதாகிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மாறாக 7,000 என்று பெருக்கினால், பத்து விநாடிக்கான சராசரி 1,400 கிலோபிட் வரை செல்ல இடமுண்டு. படம் அழகாக இருக்கும். ஆனால் கையிருப்பு குறைவாக உள்ள நேரத்தில், குறிப்பாகக் காணொளியை இடையில் நகர்த்திப் பார்க்கும்போது, மீண்டும் நிற்கக்கூடும்.

எங்கள் துறைக்கேயுரிய இடர் இதற்குப் பின்தான் தெரிந்தது. வரம்பு, மிகுதியான அசைவுள்ள இடத்தில்தான் தரத்தைக் குறைக்கிறது. சைகை மொழியிலோ அசைவே சொல். புதிய கோப்பு நிற்காமல் ஓடியது. ஆனால் விரல்கள் குழைந்து ஒன்றாகிவிட்டன. விரல் வடிவம் மாறினால் சொல்லே மாறிவிடும். `maxrate` எண்ணை உயர்த்த இணைப்பு இடம் தராது. பிரேம்களைக் குறைத்தால் விரைவான அசைவுகள் அறுபடும். எனவே பிட்களை விழுங்கிய மரத்தை நீக்கினோம். களப்பதிவைப் பேசுபவரின் தலை முதல் இடுப்பு வரை, கைகள் எட்டும் எல்லையோடு வெட்டி, அளவைச் சுருக்கி, வெற்றுச் சாம்பல் பின்னணியின் நடுவே பொருத்தினோம். அசையாத ஒரே நிறப் பரப்புக்கு ஏறக்குறைய பிட்டே தேவையில்லை. 700 கிலோபிட்டும் கைகளுக்கும் முகத்திற்கும் கிடைத்தது. பெறுபவர் யார் என்பதை அந்த இளைய ஆய்வாளர் இம்முறை விடுதியிலிருந்தே படித்துச் சொன்னார்.

இம்முறைக்கும் எல்லைகள் உண்டு. இணைப்பு 700க்கும் கீழே விழுந்தால் இந்த ஒரே கோப்பு உதவாது; இன்னும் தாழ்ந்த பிட்ரேட்டில் வேறொரு பதிப்பு வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்ற கட்டுப்பாடு கைப்பேசியில் இருந்தால், அங்கே கோப்பின் மொத்த அளவே கணக்கு. உச்சத்தை அடக்குவதன் பயன் அதில் சிறிதே. களப்பதிவுகளைப் பகிரும் நண்பர்கள் வரம்பை முடிவு செய்யும் முன், தங்கள் கோப்பில் பிட்களை உண்பது பேசும் கையா, பின்னாலிருக்கும் மரமா என்பதை ஒருமுறை அளந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.