குளிசை வேலை செய்யும் வரை

தலையிடித்தால் பனடோல் போடுகிறோம். ஒரு மணித்தியாலத்திற்குள் வலி குறைகிறது. மருந்து என்றால் இப்படித்தான் வேலை செய்யும் என்று சிறு வயது முதல் பழகிவிட்டோம். மனச்சோர்வுக்குத் தரப்படும் குளிசையோ நேர்மாறானது. அதன் தொந்தரவு முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் வருவதற்குப் பல வாரங்கள் செல்லும். இந்த இடைவெளியில்தான் பலர் மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். நான் அந்த இடைவெளியைக் கடந்து வந்தவள். உம்மாவின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன்.

உயர்தரம் படிக்கத் தொடங்கிய வருடத்தில், இரண்டு மாதங்களுக்கு மேலாக எனக்கு எதிலும் விருப்பம் இருக்கவில்லை. அதிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வரும். சோறு இறங்காது. ஒரு பக்கத்தை நான்கு முறை வாசித்தாலும் மனதில் நிற்காது. உம்மா என்னை மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றா. சில வாரங்கள் பேச்சு வழிச் சிகிச்சை நடந்தது. அது மட்டும் போதவில்லை என்று கண்ட பிறகே டொக்டர் புளுஒக்செட்டீன் எழுதினார். எஸ்.எஸ்.ஆர்.ஐ. எனப்படும் மருந்துக் குடும்பத்தில், பதினெட்டு வயதிற்குக் குறைந்தோரின் மனச்சோர்வுக்கு முதலில் தெரிவு செய்யப்படுவது பெரும்பாலும் இதுதான்.

எனக்குக் கிடைத்தது 20 மில்லிகிராம் கூட்டுக் குளிசை. அதை இரண்டாக உடைக்க முடியாது. ஆகவே முதல் வாரம் ஒன்றுவிட்ட ஒரு நாளும், இரண்டாம் வாரத்திலிருந்து தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பின்னும் எடுக்கச் சொன்னார். இந்த மருந்து உடலில் பல நாட்கள் தங்குவதால்தான் அப்படி இடைவெளி விட்டுத் தொடங்க முடிந்தது. வேறு மருந்துக்கு இம்முறை பொருந்தாது.

மூன்றாம் நாள், இரண்டாவது குளிசையோடு தொந்தரவு ஆரம்பித்தது. வயிற்றைப் பிரட்டியது. நெஞ்சு படபடத்தது. இருந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. புவியியல் பாடத்தில் இலங்கைப் படம் கீறும்போது மன்னார்த் தீவின் கோடு நெளிந்து போனது. இரவில் நித்திரை இன்னும் குறைந்தது. ஐந்தாம் நாள் உம்மா சொன்னா: "கை நடுங்குது, சாப்பாடும் இறங்குதில்ல. இது புள்ளைக்கு ஒத்துவராது போல. நிப்பாட்டுவமா?"

நிறுத்துவதற்கு முன் கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தோம். டொக்டர் கேட்டது மூன்று கேள்விகள். ஓரிடத்தில் உட்காரவே முடியாத அளவுக்குத் தவிப்பு இருக்கிறதா? நித்திரையே இல்லாமல், வழமைக்கு மாறான உற்சாகத்தோடு ஓயாமல் பேசுகிறேனா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் புதிதாக வந்திருக்கிறதா, அல்லது கூடியிருக்கிறதா? மூன்றுக்கும் இல்லை என்றேன். "அப்படியென்றால் தொடருங்கள் மகள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் இது தணியும். பிளேன்டீயையும் கோப்பியையும் குறையுங்கள். வெறும் வயிற்றில் போட வேண்டாம். வெள்ளிக்கிழமை மறுபடியும் எடுத்துச் சொல்லுங்கள்" என்றார்.

அடுத்த கிளினிக்கில் காரணத்தைக் கேட்டேன். நரம்புக் கலங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளப் பயன்படுத்தும் பொருட்களில் ஒன்று செரொட்டோனின். அதை வெளியே விட்ட கலமே பிறகு அதை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். மருந்து அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது. இந்தத் தடை முதல் சில மணித்தியாலங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நம் உடலின் செரொட்டோனினில் பெரும் பங்கு குடலில்தான் இருக்கிறது. அதனால்தான் வயிறு முதலில் முறையிடுகிறது. பதற்றமும் இந்தத் திடீர் மாற்றத்தால் வருவதே.

அப்படியானால் பலன் ஏன் தாமதிக்கிறது? செரொட்டோனின் கூடுவதை உணரும் ஒரு வகை உணரிகள் கலத்திலேயே இருக்கின்றன. அவை பிரேக் போல் செயற்பட்டு, "போதும், வெளியே விடுவதைக் குறை" என்கின்றன. அந்தப் பிரேக் தளர இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். நரம்பு இணைப்புகள் மெல்ல மாறுவதும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். போதாததற்கு, புளுஒக்செட்டீன் உடலில் ஒரு நிலையான அளவை அடையவே நான்கைந்து வாரங்கள் செல்கின்றன. நமது ஊர் உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். கடல்நீரைப் பாய்ச்சிய அன்றே பாத்தி நனைந்துவிடும். உப்பு அன்றே விளைவதில்லை.

ஒரு கொப்பியில் ஒவ்வொரு வெள்ளியும் மூன்று விடயங்களுக்குப் பூச்சியம் முதல் பத்து வரை புள்ளி போட்டேன்: நித்திரை, பதற்றம், மனம். இரண்டாம் வாரம் பதற்றம் எட்டிலிருந்து ஐந்துக்கு இறங்கியது. மனம் இரண்டிலேயே நின்றது. மூன்றாம் வாரம் குமட்டல் நின்றது, நித்திரை ஆறாகியது. மனம் அப்போதும் மூன்றுதான். கொப்பி இல்லாவிட்டால் எதுவுமே மாறவில்லை என்றுதான் நினைத்திருப்பேன். நான்காம் வாரம் உம்மம்மா, "இன்டைக்கு ரெண்டாந்தரம் சோறு கேட்டியே" என்றா. எனக்கு முன் அவவுக்குத்தான் தெரிந்தது. ஆறாம் வாரம் மனத்துக்கு ஆறு போட்டேன். அன்று ஒரு பக்கத்தை ஒரே தடவையில் வாசித்து விளங்கிக்கொண்டேன்.

எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. சரியான அளவில் நான்கு வாரம் ஒழுங்காக எடுத்தும் ஒரு சிறு மாற்றமும் இல்லையென்றால், டொக்டர் அளவைக் கூட்டுவார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். முதல் மருந்து பலருக்குப் போதுவதில்லை. ஆனால் ஐந்தாம் நாளில் நிறுத்தியவருக்கு அந்த மருந்து உதவுமா, உதவாதா என்பதே தெரியாமல் போகிறது.

பெற்றோருக்கு ஒரு விடயம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல், பிள்ளைகளும் இளவயதினரும் இம்மருந்துகளை எடுக்கும்போது தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்று எச்சரித்தது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, வெற்றுக் குளிசை எடுத்தோரில் நூற்றுக்கு இருவரிடமும், மருந்து எடுத்தோரில் நால்வரிடமும் அத்தகைய எண்ணமோ நடத்தையோ காணப்பட்டது. அந்த ஆய்வுகளில் எவரும் தற்கொலையால் இறக்கவில்லை. மருந்து கொடுக்கக் கூடாது என்பது இதன் பொருளல்ல. முதல் வாரங்களில் பிள்ளையைத் தனியே விடாமல் கவனிக்க வேண்டும் என்பதே பொருள். எங்கள் வீட்டில் குளிசைப் பெட்டி உம்மாவிடம் இருந்தது. இரவில் அவ என்னிடம் அந்த எண்ணத்தைப் பற்றி நேராகவே கேட்பா. கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. டொக்டர் கேட்ட மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு "ஓம்" என்ற பதில் வந்தாலும், காய்ச்சலோடு உடல் விறைத்து நடுங்கினாலும், தோலில் தடிப்பு எழுந்தாலும், காத்திருக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கமும் இருக்கிறது.

"பழகிப் போய்விடும்" என்று சொந்தக்காரர் சிலர் பயப்படுத்தினார்கள். இந்த மருந்து போதையைத் தருவதில்லை; நாளுக்கு நாள் கூடுதலாகக் கேட்கவும் வைப்பதில்லை. ஆனால் சுகமான கையோடு விட்டால் நோய் திரும்பக்கூடும். ஆகவே சுகமான பிறகும் ஆறு மாதமாவது தொடர்ந்து, பின் டொக்டர் சொல்கிறபடி விட வேண்டும். நோன்பு பற்றியும் கேட்டோம். நாளுக்கு ஒரு தடவைதான் என்பதால் ஸஹர் சாப்பாட்டோடு எடுக்கலாம் என்றார்.

இப்போது ஐந்தாம் மாதம். காலையில் உம்மா ரொட்டியோடு குளிசையையும் வைக்கிறா. கை நடுங்குவதில்லை. பரீட்சைக்குப் பிறகு எப்போது குறைப்பது என்று அடுத்த கிளினிக்கில் பேசவிருக்கிறோம்.