முன்பணமும் மீதித் தவணையும்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடனை எழுதிவைப்பதைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், தவணை குறித்த கொடுக்கல் வாங்கலைத் தொகை சிறியதாயினும் எழுதுமாறு பணிக்கிறது. திருமண முன்பணமும் இதில் அடங்கும். முன்பணம் கொடுத்த அன்றே, மீதித் தொகை தவணையுள்ள கடனாகிவிடுகிறது.

பழவேற்காட்டில் மீன் வியாபாரம் செய்யும் என் மைத்துனர், தம் மகளின் நிக்காஹை ஜூன் 28 என நிச்சயித்தார். மண்டப வாடகை 45,000, முன்பணம் 15,000. நானூறு பேருக்கு விருந்து, இலைக்கு 200 வீதம் 80,000. பண்டாரிக்கு முன்பணம் 10,000. பந்தலுக்கும் விளக்குக்கும் 25,000, முன்பணம் 5,000. ஆக 1,50,000இல் 30,000 கொடுத்தாயிற்று, மீதி 1,20,000 என்று மொத்தமாகவே கணக்கு வைத்திருந்தார்.

நோட்டுப் புத்தகத்தில் அதனைத் தேதி வரிசைப்படி எழுதினோம். ஜூன் 21இல் மண்டபத்திற்கு 30,000. ஜூன் 25இல் அரிசியும் கறியும் வாங்கப் பண்டாரிக்கு 35,000. நிக்காஹ் நாளில் பண்டாரிக்கு 35,000, பந்தலுக்கு 20,000. மீதி முழுவதும் எட்டே நாட்களுக்குள் வந்து விழுகிறது! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத அந்த இரண்டு மாதங்களில் அவருடைய வியாபாரம் பெரிதும் சுருங்கிவிடும். மொத்தத் தொகை மட்டும் காட்டாத நெருக்கடியைத் தேதி வரிசை காட்டிற்று.

ஆகவே, கையில் பணம் புழங்கும் ஏப்ரல் 10ஆம் தேதியே மண்டபத்திற்கு 15,000, பந்தலுக்கு 10,000 கொடுத்துவிட ஏற்பாடு செய்தார். ஜூன் மாதச் சுமை 95,000 ஆகக் குறைந்தது. ஒவ்வொரு வரியிலும் யார் கையால் கொடுக்கப்பட்டது, பெற்றவர் கையொப்பம், அதன்பின் நிற்கும் மீதி ஆகியவற்றையும் குறித்தோம். மகன் கைப்பேசியில் அனுப்புவதும் தந்தை ரொக்கமாகக் கொடுப்பதும் ஒரே ஏட்டில் ஏறாவிட்டால், ஒரே தவணை இருமுறை போய்விடும். அல்லது இருவரும் மற்றவர் கொடுத்திருப்பார் என்று இருந்துவிடுவர்.

இன்னொன்றையும் எழுதவேண்டும்: திருமணம் தள்ளிப்போனால் முன்பணம் என்னவாகும்? வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தை விற்பவரே வைத்துக்கொள்ளும் 'அரபூன்' முறையை ஹன்பலீ மத்ஹப் அனுமதிக்கிறது. நம் ஷாஃபிஈ மத்ஹப் உட்படப் பெரும்பான்மையோர் அனுமதிப்பதில்லை. நடைமுறையிலோ மண்டபத்தார் பலர் திருப்பித் தருவதில்லை. ஆதலால் எந்தத் தேதிக்குள் சொன்னால் எவ்வளவு திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இலை எண்ணிக்கையை இறுதி செய்யும் நாளையும் கேட்டு எழுதுங்கள். அதன்பின் விருந்தினர் குறைந்தாலும் பண்டாரி சமைத்த இலைகளுக்குரிய தொகை நாம் கொடுக்கவேண்டிய கடனே.

வலீமா முடிந்த மறுநாள் அந்த ஏட்டின் கடைசி வரியில் மீதி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கட்டும்.