மட்டை முட்டுக்கொடுத்த கதவு

பொள்ளாச்சிக்கு வெளியே ஒரு தென்னை நார்த் தொழிற்கூடம். தகரக் கூரையின் கீழே நார்த்தூளைச் சலிக்கும் உருள் சல்லடை ஓடிக்கொண்டிருந்தது. அதன் மோட்டாரை நடத்தும் கன்ட்ரோல் பேனல் சுவரில் தொங்கியது. கதவில் ஒட்டிய அலுமினியத் தகட்டில் ஐபி 65 என்று அச்சிட்டிருந்தது. அந்தக் கதவுதான் அகலத் திறந்து கிடந்தது. மூடிவிடாமலிருக்கத் தேங்காய் மட்டை ஒன்றைக் கீழே முட்டுக் கொடுத்திருந்தார்கள். எதிரே ஸ்டூலில் ஒரு மேஜை மின்விசிறி, பேனலின் வயிற்றைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. விசிறி அனுப்பிய காற்றோடு பழுப்புத் தூளும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"மூடுனா பதினொரு மணிக்கு டிரிப் ஆயிடுதுங்க. திறந்து வெச்சா ஓடுது" என்றார் ஆபரேட்டர். அவர் குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. இருக்க வேண்டியதும் இல்லை.

என்னை அங்கே கூட்டிப்போனவர் கோவை கணபதியில் பேனல் கட்டும் பட்டறையொன்றின் ஃபோர்மேன். இருபத்தைந்து வருடமாகத் தகடு, கிளாண்ட், காண்டாக்டர் என்று புழங்கியவர். அந்தப் பேனல் அவர்கள் பட்டறையிலிருந்து போனதுதான். கதவைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியதைக் கண்டேன். ஆபரேட்டரை ஒன்றும் சொல்லவில்லை. விசிறியை நிறுத்தி, மட்டையை எடுத்து, கதவைச் சாத்தினார். ஒரு தெர்மாமீட்டரின் கம்பியை கிளாண்ட் வழியாக உள்ளே செலுத்திவிட்டு, "டீ சாப்பிட்டு வரலாம் வாங்க" என்றார்.

டீக்கடையில்தான் அந்த இரண்டு எண்களுக்கும் எனக்கு விளக்கம் கிடைத்தது. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்திலிருந்து வருபவை அவை. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. தூசியில் 5 என்றால் கொஞ்சம் புகலாம், கருவிக்குக் கெடுதல் வரக்கூடாது. 6 என்றால் புகவே கூடாது. தண்ணீரில் 5 என்பது 6.3 மில்லிமீட்டர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சி அடித்தாலும் தாங்குவது. தண்ணீர் எண் 6 ஆனால் குழாய்வாய் 12.5 மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 100 லிட்டர். நார்த்தூளின் உப்பைக் கழுவி எடுக்கும் இடங்களில் ஹோஸ் பைப்பைப் பிடிக்கும் வேகத்துக்கு இந்த இரண்டாவதே பொருந்தும் என்று அவருக்கு ஓர் எண்ணம். "ஆனா 66 கேட்டு வாங்கி என்ன பண்ண? கதவு திறந்து கெடந்தா எல்லாம் ஐபி சைபர்தானுங்களே."

திரும்பி வந்தபோது தெர்மாமீட்டர் 74 டிகிரி காட்டியது. வெளியே, தகரக் கூரைக்கடியில், 42. டிரைவ் எனப்படும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 50 டிகிரிவரைதான் முழு சுமையில் வேலை செய்யும் வகை. எங்கள் கண்ணெதிரே அது அதிக வெப்பப் பிழையைக் காட்டி நின்றது. சல்லடை உருண்டு உருண்டு அடங்கியது.

இந்த 74 ஏன் வந்தது என்பதை ஃபோர்மேன் ஒரு பழைய டெலிவரி சலான் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். மோட்டார் 7.5 கிலோவாட். அதை நடத்தும் டிரைவ் தன் வழியாகப் போகும் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று சதவீதத்தை வெப்பமாக விடும். 225 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மர், காண்டாக்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு 40. ஆக மூடிய பெட்டிக்குள் 265 வாட், ஓயாமல் எரியும் இரண்டு மூன்று குண்டு பல்பு மாதிரி. வெளியே போக அதற்குப் பெட்டியின் தகட்டைத் தவிர வேறு வழி கிடையாது.

பெட்டி 800 மில்லிமீட்டர் உயரம், 600 அகலம், 300 ஆழம். பெயின்ட் அடித்த இரும்புத் தகடு, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 5.5 வாட் கடத்தும். சுவரோடு ஒட்டிய முதுகு வெப்பத்தைச் சரியாக விடாது என்பதால் அதற்குக் கணக்கில் மதிப்பைக் குறைக்கிறார்கள். அப்படிக் கழித்தால் பெட்டிக்குப் பயன்படும் பரப்பு 1.36 சதுர மீட்டர். பெருக்கினால், டிகிரிக்கு 7.5 வாட். 265ஐ அதால் வகுத்தால் 35 டிகிரி. வெளியே 42 இருந்தால் உள்ளே 77. மோட்டார் அன்று முழுச் சுமையில் இல்லாததால் 74-ல் நின்றிருக்கிறது. சலானின் மூலையில் முடிந்துவிட்ட இந்தக் கணக்கைப் பெட்டி கட்டும்முன் யாரும் போடவில்லை. உள்ளே சாமான் கொள்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் புதிதாக இருந்தது வேறொன்று. கதவின் ரப்பர் விளிம்பை அவர் விரலால் தடவிக் காட்டினார். கீல் பக்கத்தில், கேஸ்கெட்டைத் தாண்டி உள்பக்கமாக, காப்பித் தண்ணீர் வழிந்து காய்ந்ததுபோல் மெல்லிய பழுப்புக் கோடுகள். கதவைத் திறந்து வைத்ததால் விழுந்த தூளாக இருந்தால் அடியில் குவிந்திருக்கும். இவை கேஸ்கெட்டிலிருந்து உள்நோக்கி விசிறிபோல் விரிந்திருந்தன. கதவு மூடியிருந்த நாட்களில் பெட்டியே இழுத்துக் குடித்த தூள்!

உள்ளே 74 டிகிரியில் விரிந்த காற்றில் ஒரு பகுதி எங்காவது இடுக்கு வழியாக வெளியேறிவிடும். ராத்திரி ஓட்டம் நின்றதும் மிச்சக் காற்று சுருங்கி, உள்ளே அழுத்தம் குறையும். காற்றுப் புகாத பெட்டியாக இருந்து 74-லிருந்து 25-க்கு இறங்கினால், உள் அழுத்தம் சுமார் 140 மில்லிபார் குறைந்துவிடும். நடைமுறையில் இடுக்கு வழியே கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நுழைவதால் அவ்வளவு வராது. ஆனால் சூடான பெட்டி மீது திடீரென்று மழையோ ஹோஸ் தண்ணீரோ பட்டால் இழுப்பு பலமாகவே இருக்கும். தூசிச் சோதனையில் டால்கம் பவுடர் பறக்கும் அறைக்குள் பெட்டியை வைத்து, உள் அழுத்தத்தை அதிகபட்சம் 20 மில்லிபார்தான் குறைக்கிறார்கள். எட்டு மணி நேரம்வரை. அதுவும் புதுப் பெட்டி, புது கேஸ்கெட். அந்தப் பெட்டியும் பொள்ளாச்சியில் தினமும் வெந்து தினமும் ஆறும் பெட்டியும் ஒன்றல்ல. வெப்பத்தை வெளியேற்றாத பெட்டி தூசியையும் ஈரத்தையும் தானே உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறது. தூசித் தடுப்பும் வெப்பமும் தனித்தனி அத்தியாயங்கள் என்று நினைத்திருந்த எனக்கு, அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ள அந்தப் பழுப்புக் கோடுகள் போதுமானவையாக இருந்தன.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போனேன். பவுடர் கோட்டிங் வாசனை, வளைக்கும் இயந்திரத்தின் தட்டல், ஒரு மூலையில் ஒயருக்கு ஃபெரூல் நம்பர் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். பொள்ளாச்சிக்கான புதுப் பெட்டி மேஜையில் கிடந்தது.

ஃபில்டர் வைத்த விசிறியைப் பக்கத்தில் பொருத்துவதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் வழி. அது வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். எட்டு டிகிரி வித்தியாசத்துக்குள், தகடு வழியாகப் போவது போக மிச்ச வெப்பத்தை எடுக்க மணிக்கு 80 கன மீட்டர் காற்று வேண்டும். நார்த்தூளில் ஃபில்டர் சில நாளில் மெத்தையாகிவிடும். பெட்டியும் ஐபி 54-க்கு இறங்கிவிடும். பேனல் ஏசி பற்றிக் கேட்டேன். அதன் வெளிப்பக்க விசிறியும் அதே தூளைத்தான் குடிக்கும், உள்ளே வடியும் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும், அது பழுதாகும் நாளில் மறுபடி மட்டைதான் முட்டுக்கு வரும் என்றார் ஃபோர்மேன். கடைசிக் காரணம் எனக்குப் பிடித்திருந்தது.

அவர்கள் எடுத்த வழி, டிரைவின் ஹீட்சிங்கை முதுகுப்புறமாக வெளியே நீட்டிவிடுவது. பெட்டியின் பின்தகட்டில் சதுரமாக வெட்டி, சுற்றிலும் கேஸ்கெட் வைத்து, டிரைவைப் பாதி உள்ளே பாதி வெளியே மாட்டுகிறார்கள். வெப்பத்தில் எழுபது சதவீதம் வெளிக்காற்றுக்கே போய்விடுகிறது. டிரைவிலிருந்து உள்ளே தங்குவது 68 வாட். டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டுச் சின்ன பவர் சப்ளை போட்டதில், உள்ளே காற்றைக் கலக்கும் குட்டி விசிறியையும் சேர்த்து மற்றவை 25. மொத்தம் 93. பெட்டியை 1000க்கு 800 ஆக்கி, சுவரிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில் நாலு பக்கமும் காற்று படும்படி நிறுத்தினால் டிகிரிக்கு 12.7 வாட் போகும். ஏற்றம் ஏழு டிகிரி சொச்சம். 42-ல் வைத்தாலும் 50-ஐத் தொடாது.

"ஒரு டிகிரி கூட மிச்சமில்லீங்களே" என்று அவரே தலையைச் சொறிந்தார். அதனால் ஸ்டாண்டைக் கூரைத் தகரத்துக்கடியிலிருந்து நகர்த்தி, வேப்பமர நிழல் விழும் பக்கமாக வைக்க ஏற்பாடானது. வெளியே நீளும் ஹீட்சிங்கின் இடுக்குகளில் தூள் அடையத்தான் செய்யும். ஆனால் அதைப் பிரஷ்ஷால் தட்டிவிடலாம், கதவைத் திறக்க வேண்டியதில்லை.

கீழ்த்தகட்டில் விரல்நுனி அளவு ஒரு கறுப்புப் பிளக்கைத் திருகினார்கள். சவ்வு வைத்த சுவாசப் பிளக். காற்று போகும் வரும், தண்ணீரும் தூசியும் போகாது. பெட்டி மூச்சு விட அது ஒரு மூக்கு. கேஸ்கெட் வழியாக இழுக்க வேண்டிய அவசியம் குறையும்.

கதவுச் சோதனையை ஒரு இளம் ஃபிட்டர் செய்தார். கதவு விளிம்பில் சாக்பீஸ் தேய்த்து மூடித் திறந்தார். கேஸ்கெட்டில் வெள்ளைக் கோடு முழுதாக விழ வேண்டும். மேல் மூலையில் ஒரு விரற்கடை நீளம் கோடு இல்லை. கீலைத் தளர்த்தி, வாஷர் போட்டு, மறுபடி தேய்த்தார். மூன்றாவது முறைதான் கோடு சேர்ந்தது. கேபிள் எல்லாம் அடித்தகடு வழியாகவே. ஒவ்வொரு கேபிளின் கனத்துக்கும் ஏற்ற கிளாண்ட், மிஞ்சிய துளைகளுக்கு அடைப்பான்.

ஒன்றரை மாதம் கழித்து ஃபோர்மேனோடு மறுபடி பொள்ளாச்சி போனேன். கதவு மூடியிருந்தது. ஸ்டூலும் விசிறியும் ஆபரேட்டரின் நாற்காலிப் பக்கம் போயிருந்தன. உள்ளே 47 டிகிரி. கேஸ்கெட் சுத்தமாக இருந்தது. ஃபோர்மேன் குனிந்து அடித்தகட்டைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து மேலே பார்த்தார். பெட்டியின் தலையில் புதிதாக ஒரு துளை. வாசல் விளக்குக்கு யாரோ கேபிள் இழுத்திருக்கிறார்கள், கிளாண்ட் இல்லாமல், கறுப்பு டேப் சுற்றி.

"எலக்ட்ரீஷியன் பையன் வந்து போட்டானுங்க. சின்ன ஒயர்தானே" என்றார் ஆபரேட்டர்.

ஃபோர்மேன் பதில் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு அடைப்பானை எடுத்துத் துளையில் வைத்து அளவு பார்த்தார். பெரிதாக இருந்தது. வண்டியிலிருக்கும் பெட்டியை எடுத்துவரச் சொன்னார்.