பீமில் இருக்கும் மதிப்பெண்

படப்பையில் விடியற்காலை ஏரிக்கரையில் ஓடும் பையன்களில் பலர் ஒரகடம் கம்பெனிகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர்கள். நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓட வருகிறவர்களும் உண்டு. அக்னிவீர் எழுத்துத் தேர்வில் தேறிய எங்கள் தெருப் பையன் ஒருவன், உடற்தகுதித் தேர்வுக்கு எட்டு வாரம் இருக்கையில் என்னிடம் வந்தான். 1.6 கிலோமீட்டர் ஓட 6 நிமிடம் 5 விநாடி ஆனது. புல்-அப்ஸ் நான்குதான் வந்தது.

எல்லாரையும் போல அவனும் ஓட்டத்தையே நம்பியிருந்தான். மதிப்பெண் கணக்கு வேறு மாதிரி. 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60, 5.45-க்குள் என்றால் 48. பீமில் ஆறு எடுத்தால் 16, ஒன்பதுக்கு 33, பத்துக்கு 40. ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்டினால் போதும், அதற்கு மதிப்பெண் இல்லை. ஓட்டம் நம்மை உள்ளே விடும். வரிசையில் மேலே ஏற்றுவது பீம்.

புல்-அப்ஸை முயன்று முயன்று கை ஓய்வதால் எண்ணிக்கை கூடாது. ஸ்டூலில் ஏறி, தாடை கம்பிக்கு மேலே வரும்படி பிடித்துக்கொண்டு, ஐந்து விநாடி எடுத்து மெல்லக் கீழே இறங்க வேண்டும். இறங்கும்போதும் அதே தசைகள்தான் வேலை செய்கின்றன; இழுக்க முடியாத எடையையும் அவை தாங்கி இறக்கும். முதல் மூன்று வாரம் இதையே பிரதானமாகச் செய்தான். பிறகு, ஆறு எடுக்க முடிந்தபோதும் மூன்று மூன்றாக, நாளில் பல தடவை எடுத்தான். ஒவ்வொரு முறையும் கை முழுதாக நீண்ட பிறகே அடுத்தது. காலை உதறி ஏறினால் முகாமில் கணக்கில் வராது.

ஓட்டத்துக்கு வாரம் இரண்டு நாள் 400 மீட்டர் ரவுண்டு ஆறு, ஒவ்வொன்றும் 84 விநாடியில். நடுவில் இரண்டு நிமிட நடை. மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் போதும். முகாமில் கூட்டமாக ஓடவிடுவதால் பலர் முதல் ரவுண்டை 70 விநாடியில் பறந்துவிட்டு மூன்றாவதில் துவண்டுபோவார்கள். அதனால் முதல் ரவுண்டை அடக்கி ஓடுவதையே தனியாகப் பழகினான்.

நான்காவது வாரம் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலித்தது. தார் ரோட்டை விட்டு மண் கரைக்கு மாற்றி, ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்தோம். அழுத்தினால் நீளவாக்கில் வலிப்பது ஓய்வில் பெரும்பாலும் தணியும். ஒரே புள்ளியில் சுருக்கென்று வலித்தால் எலும்பில் கீறல் இருக்கலாம், மருத்துவரிடம் போக வேண்டும். கடைசி வாரம் பயிற்சியைக் குறைத்து, தூக்கத்தைக் கூட்டினோம்.

முகாமில் 5.41-ல் ஓடி, ஒன்பது எடுத்தான்: 48-உம் 33-உம் சேர்த்து 81. 5.29-ல் ஓடிவிட்டு பீமில் ஆறோடு நின்றவனுக்கு 76-தான்.