கொக்கி சொன்ன பொய், கொலுசு சொன்ன உண்மை

சென்ற மாதம் நடந்த ஒன்றை எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிக்கொண்டே வந்தேன். இதில் நான் செய்த தவறும் இருக்கிறது. சம்பந்தப்பட்ட மாணவியிடம் கேட்டுக்கொண்டு, பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

ஒரு ராத்திரி ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் வந்தன. அனுப்பியவள் இருபத்தைந்து வருடத்துக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் படித்தவள். தை மாதம்தான் மகனுக்குக் கல்யாணம் முடித்திருந்தாள். படத்தில் மருமகளின் கொலுசு. கீழே ஒரு வரி: "டீச்சர், புள்ள கால்ல பச்சையா படியுது. சம்பந்தி வீட்டுல ஏமாத்திட்டாங்களா?"

என் பெரியப்பா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறையில் வேலை பார்த்தவர். விடுமுறைக்குப் போனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு வேதியியலும் படித்தேன். அந்தத் தெம்பில் உடனே படத்தைப் பெரிதாக்கினேன்.

முதல் படம் கொக்கி. அதில் 925 என்று முத்திரை. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று அர்த்தம். எண்ணைப் பார்த்ததும் நம்பக் கூடாது, எண் எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். உளி வைத்துத் தட்டிய முத்திரையில் எண்ணின் ஓரம் கூர்மையாக இருக்கும், அடி சுத்தமாக இருக்கும், தள்ளப்பட்ட உலோகம் விளிம்பில் லேசாக மேலெழுந்து நிற்கும். லேசரில் போட்டதென்றால் மெல்லிய கோடாக, சற்றுக் கருமையாக இருக்கும். இந்தக் கொக்கியிலோ எண்கள் கரைந்துபோன சோப்பில் எழுதிய மாதிரி மொழுமொழுவென்று இருந்தன. உள்ளே ஊசி முனை அளவு குழிகள். அதாவது எண்ணையும் சேர்த்தே அச்சில் வார்த்து, மேலே முலாம் பூசியிருக்கிறார்கள். கொக்கியின் பக்கவாட்டில் இரண்டு அச்சு சேர்ந்த கோடு, ராவிக்கூட எடுக்காமல், அப்படியே ஓடியது.

நான் பதில் போட்டேன்: "கொக்கியைப் பார்த்தால் போலி மாதிரித் தெரிகிறது." போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

விடிகாலை நான்கு மணிக்கு விழிப்பு வந்தது. மனசு சரியாக இல்லை. மறுபடி படங்களைத் திறந்தேன். நான் கொக்கியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்! கொலுசை ஒழுங்காகப் பார்க்கவே இல்லை. முத்திரை எதன் மேல் இருக்கிறதோ அதைப் பற்றி மட்டும்தான் பேசும். கொக்கியில் இருக்கும் 925 கொக்கிக்குத்தான் சாட்சி. அது உண்மையாக இருந்தாலும் கொலுசுக்குச் சாட்சியாகாது, பொய்யாக இருந்தாலும் கொலுசைப் பொய்யாக்காது. கொக்கி என்பது தேய்ந்தால் மாற்றுகிற பொருள்தானே.

ஆறு மணிக்கு அவளைக் கூப்பிட்டேன். "டீச்சர், பத்து மணிக்கு அவங்க வீட்டுக்கு நேரா போய்க் கேக்கப்போறேன்" என்றாள். குரல் கம்மியிருந்தது. ராத்திரி முழுக்க அழுதிருக்கிறாள். உள்ளே மருமகளும் அழுதுகொண்டிருந்தாளாம். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "இன்னிக்கு எங்கயும் போகாதே. முதல்ல நான் சொல்ற மாதிரி படம் எடுத்து அனுப்பு" என்றேன்.

"காந்தம் வச்சுப் பாத்தேன் டீச்சர், ஒட்டல. அப்ப வெள்ளிதானே?" என்று கேட்டாள். பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, செம்பும் ஒட்டாது. பத்தாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததுதான், மறந்துவிட்டாள்!

அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ராத்திரி பல்பு வெளிச்சத்தில் எந்த வெள்ளியும் மஞ்சளாகத் தெரியலாம். அதனால் பகலில், ஜன்னல் ஓரத்தில், நேர் வெயில் படாத இடத்தில் எடுக்க வேண்டும். கீழே வெள்ளைத் தாள் விரிக்க வேண்டும். தாள் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால்தான் உலோகத்தின் நிறத்தை நம்பலாம். ஃப்ளாஷ் கூடாது. லென்ஸைத் துடைத்துக்கொண்டு, போனை ஒட்டிப் பிடிக்காமல், ஒரு முழம் தள்ளி வைத்து இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தால் தெளிவாக விழும். முக்கியமாக, படம் எடுப்பதற்கு முன் விபூதியோ புளியோ பற்பசையோ போட்டுத் தேய்க்கக் கூடாது. நாம் பார்க்க வேண்டியதே அந்த அழுக்கைத்தான்.

மூன்று இடங்களைக் கேட்டேன். வளையங்கள் ஒன்றோடொன்று உரசும் உள்பக்கம், முத்துக்களின் அடியில் உள்ள இடுக்கு, கொக்கியின் உள் வளைவு.

பதினொரு மணிக்குப் படங்கள் வந்தன. பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

ஏன் என்று சொல்கிறேன். வெள்ளி காற்றில் இருக்கும் கந்தகச் சேர்மங்களோடு சேர்ந்து கறுக்கும். உருவாவது சில்வர் சல்பைடு. அது முதலில் இளமஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கறுப்பு என்று ஒன்றுக்குள் ஒன்று கரைந்து மாறும். நடுவில் எல்லைக்கோடு இருக்காது. துணியும் தோலும் உரசுகிற மேட்டில் அந்தக் கறுப்பு தேய்ந்து போய் வெள்ளை தெரியும், உரசாத இடுக்கில் கறுப்பு தங்கும். முலாம் பூசியதில் இது தலைகீழ். உரசுகிற மேட்டில்தான் முலாம் முதலில் தேயும், உள்ளே இருக்கும் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்கும். இடுக்கில் முலாம் பத்திரமாகப் பளபளக்கும். ஆகவே எப்போதும் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். தேய்ந்த இடத்தில் நிறம் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் உள்ளும் புறமும் ஒரே உலோகம்.

இந்தக் கொலுசில் முத்துக்களின் அடியில் மை போலக் கறுப்பு, மேலே வெள்ளை. வளையங்கள் உரசும் இடத்தில் உலோகம் பள்ளம் விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அவ்வளவு ஆழத்திலும் நிறம் வெள்ளைதான். எந்த முலாமும் அத்தனை ஆழம் வராது. கடைசி வளையத்தின் வாயும் பற்றவைத்து மூடப்பட்டிருந்தது. பற்றவைத்த இடத்தில் சின்ன மேடு, மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் மங்கல். கைவேலைக் கொலுசில் அப்படித்தான் இருக்கும்.

கொக்கியின் உள் வளைவில் மட்டும் பெயிண்ட் உரிந்த மாதிரி, ஓரம் தெளிவாகத் தெரிகிற ஒரு மஞ்சள் திட்டு. அதைச் சுற்றிப் பச்சை. கொக்கியை மாட்டியிருந்த வளையத்தின் வாய் பற்றவைக்காமல், மயிரிழை இடைவெளியோடு திறந்திருந்தது. பித்தளைக் கொக்கியைப் பின்னால் யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் இன்னொன்று உறுத்தியது. ஐந்து மாதம் போட்ட கொலுசில் வளையம் இவ்வளவு தேயாதே! "நீயா விசாரணை பண்ணாதே. இது யார் போட்ட கொலுசுன்னு மருமககிட்ட அன்பா கேளு" என்றேன்.

அந்தப் பெண் சொன்னது இதுதான். அது அவள் அம்மாவின் கொலுசு. கல்யாணச் செலவில் புதிதாக வாங்க முடியாமல், தன் காலில் இருந்ததைக் கழற்றி, மெருகு போட்டு, தேய்ந்துபோன பழைய திருகை எடுத்துவிட்டுத் திருவிழாக் கடையில் ஒரு கொக்கி வாங்கி மாட்டி, மகளுக்குக் கொடுத்திருக்கிறார். "நம்பர் போட்டிருக்கு, நல்ல வெள்ளி" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். பழையது என்று தெரிந்தால் மரியாதை இருக்காதோ என்று பயந்து அம்மாவும் மகளும் வாய் திறக்கவில்லை.

இதைச் சொன்னபோது என் மாணவி போனிலேயே விம்மிவிட்டாள். நான் ராத்திரி அனுப்பிய அந்த ஒரு வரியை நினைத்து நானும் ஒன்றும் பேச முடியாமல் இருந்தேன்.

சந்தேகம் முழுசாகத் தீரட்டும் என்று மாமியாரும் மருமகளும் சேர்ந்தே கடைக்குப் போய் மெஷினில் பார்த்தார்கள். அந்த மெஷின் எக்ஸ்ரே கதிரால் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும், கனமான முலாம் அதையும் ஏமாற்றிவிடும். அதனால் மறைவான இடத்தில் லேசாக ராவிவிட்டு வைக்கச் சொன்னேன். கொக்கியில் செம்பும் துத்தநாகமும்தான், பெயருக்குக்கூட வெள்ளி இல்லை. கொலுசில் வெள்ளி நூற்றுக்கு 81.

பாருங்கள், 81! 92.5 அல்ல. இதைப் படத்தில் என்னால் சொல்லியிருக்கவே முடியாது. 81 டச்சும் 92 டச்சும் படத்தில் ஒரே வெள்ளைதான். செம்பு கூடுதலாக இருந்தால் கொலுசு கெட்டியாக இருக்கும், சீக்கிரம் கறுக்கும். வெள்ளி ரொம்பக் குறைந்தால், வியர்வை பட்டு அதிலுமே கொஞ்சம் பச்சை பூக்கலாம். அதனால் பச்சையைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டாதீர்கள். அதேபோல் கறுக்காமல் பளபளப்பதை வைத்தும் எதையும் சொல்ல முடியாது. உண்மை வெள்ளிக்கே ரோடியம் பூசி விற்கிறார்கள், அது லேசில் கறுக்காது. படம் பித்தளையைக் காட்டிக்கொடுக்கும். தரத்தை எடை போட்டுச் சொல்லாது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. வெறும் 925-ஐ யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். பி.ஐ.எஸ். முக்கோணக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். தங்கத்தைப் போல வெள்ளிக்கு அது கட்டாயமில்லை. ஆனால் 2025 செப்டம்பரிலிருந்து ஹால்மார்க் செய்யும் வெள்ளி நகைக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட அடையாளக் குறி உண்டு. அதை BIS Care செயலியில் போட்டால் அந்த நகையின் விவரம் வரும். உங்கள் கையில் இருக்கும் நகையோடு அது ஒத்துப்போக வேண்டும்.

இப்போது அந்தக் கொலுசில் வெள்ளிக் கொக்கியைப் பற்றவைத்து மாட்டியாகிவிட்டது. போன வாரம் சம்பந்தி அம்மா அவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாராம். "பழசுன்னு சொல்லியிருந்தா நான் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன், அண்ணி" என்று என் மாணவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம்.

படம் அனுப்பிக் கேட்கிற பிள்ளைகளே, தாராளமாக அனுப்புங்கள். ஆனால் இனி கொக்கியை மட்டும் பார்த்து ராத்திரியில் பதில் போட மாட்டேன். பகலில், வெள்ளைத் தாள் மேல் வைத்து, தேய்ந்த இடத்தைக் காட்டி எடுத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்