முதல்ல துணி என்னான்னு சொல்லு

மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் மாசி மகத் தேர் முடிந்த அன்றிரவு எங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வந்தது. ஜூனியர் பேட்ச் தங்கச்சி ஒருத்தி அனுப்பியிருந்தாள். கிரீம் கலர் தாவணி, பச்சைப் பாவாடை, இரண்டிலும் செங்கல் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை. கீழே ஒரே வரி: "அக்கா, இத எப்படி எடுக்கிறது?"

எங்கள் அறையில் நாலு பேர், ஆளுக்கொரு வைத்தியம். எலுமிச்சம்பழம், பற்பசை, ப்ளீச். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தும் குங்குமமா இரத்தமா என்று பிடிபடவில்லை. கேட்டால், "மஞ்சத்தண்ணி அக்கா. மஞ்சளாத்தான் இருந்துச்சு, அம்மா சவுக்காரம் போட்டதும் செவந்திருச்சு" என்றாள்.

அது புதுக்கறை இல்லை. மஞ்சளுக்கு நிறம் கொடுக்கிற குர்குமின், காரம் பட்டால் சிவக்கும். சவுக்காரம் காரம்தான். சவுக்காரத்தை நன்றாக அலசி எடுத்துவிட்டாலே பழையபடி மஞ்சளாகும். ஆக, கறை எதுவென்று தெரிந்துவிட்டது. ஆனால் துணி?

"பட்டு அக்கா. ரெண்டுமே பட்டுதான்."

இந்த 'பட்டு'தான் சிக்கல். கடைக்காரர் வாயில் பளபளக்கிறதெல்லாம் பட்டு. போட்டோவிலும் அப்படித்தான் தெரியும். பட்டு என்பது புழு நூற்ற புரதம், நம் முடியைப் போல. குளோரின் ப்ளீச் பட்டால் முதலில் மஞ்சளிக்கும், பிறகு இழை நைந்துபோகும். அதாவது, மஞ்சள் கறையை எடுக்கப் போய் எடுக்கவே முடியாத மஞ்சளை நாமே போட்டுவிடுவோம். வெள்ளைப் பருத்திச் சட்டை என்றால் தண்ணீரில் கலக்கிய ப்ளீச்சைத் தாங்கும். பாலியஸ்டர் வேறு மாதிரி: அதற்குச் சூடுதான் ஆகாது. வெந்நீரிலும் அயர்ன் சூட்டிலும் மஞ்சள் இழைக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும்.

பாவாடை, அவள் அம்மாவின் நிச்சயதார்த்தச் சேலையை வெட்டித் தைத்தது. அந்த வீட்டில் இருந்த ஒரே நல்ல சேலை. அதனால் யூகத்தில் எதுவும் சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. நூலை எரித்துப் பார்க்கச் சொன்னோம். உள்தையலில் இருந்து ஒரு நூல், புருவம் பிடுங்கும் இடுக்கியில் பிடித்து, தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு மேல். நெடுக்கு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று என்று தனித்தனியாக. சில சேலைகளில் ஒரு பக்கம் பட்டு, மறு பக்கம் பாலியஸ்டர் ஓடியிருக்கும்.

கொஞ்ச நேரத்தில் வாய்ஸ் வந்தது. "அக்கா, பாவாட நூல் ரெண்டுமே முடி கருகுற மாதிரி நாறுது. சாம்பல் தொட்டதும் பொடியாகுது. தாவணி நூல் உருகி, கருப்பா மணி மாதிரி கெட்டியாயிருச்சு." பாவாடை பட்டு, தாவணி பாலியஸ்டர். பருத்தியாக இருந்தால் கடுதாசி எரியும் வாசம் வந்திருக்கும். ரேயானும் அப்படித்தான் எரியும்.

தாவணிக்கு வழி சுலபம். குளிர்ந்த தண்ணீரில் சவுக்காரம் போக அலசி, கறைக்கு அடியில் பழைய வெள்ளைத்துணி வைத்து, பார்மசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டு ஒற்ற வேண்டும். தேய்த்தால் கறை பரவும். முதலில் ஓர் ஓரத்தில் ஒற்றி, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளணும். ஸ்பிரிட்டில் மஞ்சள் கரைந்து அடித்துணிக்கு இறங்கும். அடித்துணியை மாற்றி மாற்றி வைத்து, அதில் மஞ்சள் ஏறாதபோது நிறுத்தலாம். பிறகு அலசி வெயிலில் காயப்போட்டால், மிச்சத்தை வெயில் வெளுக்கும். குர்குமினுக்கு வெயில் ஆகாது. ரெண்டு நாள் மத்தியான வெயிலில் தாவணி தேறிவிட்டது. (ஸ்பிரிட் பக்கத்தில் அடுப்பு, விளக்கு வேண்டாம். ப்ளீச் போட்ட துணியில் எலுமிச்சையோ வினிகரோ ஊற்றவே கூடாது, நச்சுவாயு வரும். எங்கள் அறை வைத்தியங்களில் இரண்டைச் சேர்த்திருந்தால் அதுதான் நடந்திருக்கும்.)

பாவாடைக்கு அந்த வெயிலையே தர முடியாது. பட்டின் பலமும் சாயமும் சேர்ந்து போகும். குளிர்ந்த தண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பு விட்டு முக்கி, முறுக்காமல் நிழலில் காயப்போடச் சொன்னோம். சிவப்பு போய் மஞ்சளானது, கொஞ்சம் மங்கியது, அவ்வளவுதான். மஞ்சள் பட்டுக்குச் சாயமாகவே பயன்பட்ட பொருள், முழுசாக விட்டுப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்த நாள் டவுனில் ட்ரை கிளீனிங் கடைக்குக் கொண்டுபோனாள். "பட்டு, மஞ்சள் கறை, சவுக்காரம் பட்டிருக்கு" என்று மூன்றையும் சொல்லிக் கொடுக்கச் சொல்லியிருந்தோம்.

வந்த பாவாடையில் விளிம்போரம் உற்றுப் பார்த்தால் இன்னும் தெரிகிறது. அந்த இடத்தை மறைத்து ஒரு பார்டர் வைத்துத் தைக்கலாம் என்று அம்மா சொல்லியிருக்கிறார். பார்டர் துணி வாங்கப் போகும்போது, கடையில் ஒரு நூல் கேட்டு வாங்கி வரப்போகிறாளாம்.