கட்டைவிரலுக்கு ஒரு லேயர்

பொங்கலுக்கு முன்பு நண்பர் ஒருவர் தன் மகளின் வாழ்த்து அட்டையைக் காட்டினார். அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவாடை சட்டை. வலது கையால் பாவாடையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி நாலு வயசுக்காரி நிற்கிறாள். "இந்தப் பாவாடை எங்க வீட்லயே கிடையாது. கவுன் போட்டு எடுத்த படம்" என்றார். நான் நம்பவில்லை. செய்தவர் திருமானூரில் இருக்கிறார், போய்ப் பாருங்கள் என்று தொலைபேசி எண் தந்தார்.

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் பஸ்ஸில் ஏறி, கொள்ளிடம் பாலத்தைத் தாண்டியதும் திருமானூர். கடைத்தெருவில் மாடியில் ஓர் அறை. முன்பக்கம் பாஸ்போர்ட் படம் எடுக்க நீலத்திரை, பின்பக்கம் கம்ப்யூட்டர். ஆள் ஐம்பதைத் தாண்டியவர். பெயரைப் போடவேண்டாம் என்றார். சின்ன வயதில் தஞ்சாவூரில் ஒரு ஸ்டுடியோவில் டச்சிங் வேலைக்குச் சேர்ந்தவர். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகத்துப் பள்ளங்களை ஒற்றி ஒற்றி நிரப்புகிற வேலை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏற்றவும் அங்கேதான் கற்றுக்கொண்டார். பருத்திப் புடவை கட்டி வந்த மணப்பெண்ணுக்குப் பட்டு ஜரிகை வரைவார்களாம். "முதலாளி முகத்தத் தொடவிடுவாரு. கையத் தொட்டா அடிதான் விழும். முகம் கொஞ்சம் மாறினா அழகா இருக்குன்னு விட்ருவாங்க, விரல் மாறினா அடுத்தவன் கைன்னு தெரிஞ்சிரும்னு சொல்லுவாரு."

இன்று ஊர் ஊராக நடப்பது தலை வெட்டும் வேலை. பிஎஸ்டி என்று விற்கிற கோப்புகளில் கண்ணன், ராதை, பாரதியார், பட்டு வேட்டிச் சிறுவன் எல்லாம் தலையில்லாமல் தயாராக இருப்பார்கள். நம் பிள்ளையின் தலையைக் கழுத்தோடு வெட்டி அதில் உட்காரவைத்தால் ஐந்து நிமிடத்தில் அட்டை தயார். வட இந்தியாவில் நாத்துவாராவின் கோயில் ஓவியர்கள் நூறாண்டுக்கு முன்பே, படமாக எடுத்த முகத்தை வெட்டி, வரைந்த உடம்பின்மேல் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அங்கே உடம்பு அந்த ஆளுக்கென்றே வரையப்பட்டது. இங்கே ஒரு நர்சரிப் பள்ளியின் மொத்த வகுப்புக்கும் ஒரே உடம்பு. ஆர்டர் பிடிக்கும் ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு என்று பேசி, பாதிக்குமேல் தான் வைத்துக்கொண்டு மிச்சத்தைப் படம் செய்பவரிடம் தருகிறார். அந்தக் காசுக்கு விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? ஒரு வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் யாரோ ஒரு பிள்ளையின் கையால் கும்பிடுகிறார்கள். பெற்றவர்கள் காசு கொடுத்து வாங்கி, தங்கள் பிள்ளையின் கை இல்லாத படத்தை ஃபிரேம் போட்டு மாட்டுகிறார்கள். ஏஜென்ட்டுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. இதை ஸ்டுடியோக்காரர் சொல்லும்போது அவரைவிட எனக்குத்தான் கோபம் வந்தது. அவர் டீ சொல்லியனுப்பினார்.

நண்பரின் மகள் படத்தை அவர் மறுபடி திறந்து காட்டினார். அசலில் அவள் இளம்பச்சைக் கவுன் போட்டு, வீட்டுத் திண்ணையில் நிற்கிறாள். வெளிச்சம் இடப்பக்கமிருந்து வருகிறது. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை முதலில் இவர் வாங்கவே இல்லை; டாக்குமென்டாக அனுப்பச் சொன்னார். ஐந்துக்கு ஏழு அங்குல அட்டைக்கு அகலத்தில் 1500, நீளத்தில் 2100 புள்ளியாவது வேண்டும். குறைந்தால் விரல் இடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும், வெட்ட ஓரம் கிடைக்காது.

அடுத்து அவர் பார்த்தது, புது உடுப்பு பழையதை முழுக்க மூடுமா என்பதை. கவுனுக்குக் கை சிறியது, பட்டுச் சட்டைக்கு முழங்கை வரை கை உண்டு, அதனால் சரி. தலைகீழாக இருந்தால், மூடியிருந்த இடத்தில் இல்லாத தோலை உண்டாக்க வேண்டும். அதை அவர் ஒத்துக்கொள்வதில்லை.

சட்டைக்கு வேறு துணி எடுக்கவில்லை. கவுனின் மேல்பாதியையே வைத்துக்கொண்டார். அதன் பச்சையை உறிஞ்சிச் சாம்பல் நிறமாக்கி, மேலே அரக்குச் சிவப்பை Multiply முறையில் ஏற்றினார். தோளில், அக்குளில் அவள் நின்ற நிலைக்கு விழுந்த சுருக்கமெல்லாம் அப்படியே சிவப்புக்குள் தெரிந்தது. கவுன் வெளிர் நிறம் என்பதால் இது நடந்தது. கறுப்பு டி-ஷர்ட்டில் நடக்காது, பொம்மைப் படம் அச்சடித்ததில் பாதி நாள் போய்விடும். கைக்குக் கூடுதலாக வேண்டிய துணியை மட்டும் வேறு படத்திலிருந்து எடுத்து ஒட்டினார்.

பாவாடைக்குத் தன் அக்கா மகள் உடுத்தி நின்ற படங்களை வைத்திருக்கிறார், கேமராவை மூன்று உயரத்தில் வைத்து எடுத்தவை. ஏன் மூன்று என்று கேட்டேன். "பெரியவங்க நின்னபடி குழந்தைய எடுப்பாங்க சார். மேலேருந்து பாத்தா கீழ்க்கரை கிண்ணத்து விளிம்பு மாதிரி வளையும். பிஎஸ்டி பாவாடையெல்லாம் இடுப்பு உயரத்துல எடுத்தது, கரை நேராப் போகும். ஒட்டினா புள்ள அந்தரத்துல நிக்கும்." அதற்குப் பிறகு நான் பார்த்த பழைய அட்டைகளிலெல்லாம் கண் நேராகக் கரைக்குத்தான் போகிறது. உடம்பின் பாரம் இடது காலில் இருந்ததால் அந்தப் பக்கம் மடிப்பை நேராக விட்டு, வலது முழங்கால் மடங்கிய இடத்தில் துணியை முன்னுக்குத் தள்ளினார். அதற்கு Puppet Warp. அதில் குத்தும் ஊசிகளை எங்கே வைத்தார் என்பதை என்னால் பின்தொடர முடியவில்லை.

கைக்கு வந்ததும் படத்தை இருமடங்கு பெரிதாக்கினார். அவள் கவுனைப் பிடித்திருந்த விதத்தில் கட்டைவிரல் துணிக்கு வெளியே, மற்ற நாலும் உள்ளே. அதனால் கட்டைவிரலை மட்டும் Pen Tool-ஆல் தனியாக எடுத்து ஒரு லேயரில் வைத்தார். மற்ற விரல்களைத் தொடவில்லை. அவை முட்டிக்கொண்டு நின்ற மேட்டோடு கவுன் துணியை உள்ளங்கை அளவுக்கு விட்டுவைத்து, அதற்கும் சிவப்பு ஏற்றினார். புதுப் பாவாடை இந்தத் துண்டோடு சேருமிடம் விரலுக்கு அருகில் இல்லை, கீழே ஒரு மடிப்பின் இருட்டில். "ஒட்டுப்போட்ட இடத்த விரல்கிட்ட வச்சா எல்லாருக்கும் தெரியும். கண்ணு அங்கதான் போகும்." மடிப்புகள் பிடித்த இடத்திலிருந்து விசிறியாகப் பிரியும்படி இழுத்துவிட்டார். கட்டைவிரலுக்கு அடியில் நூல்போல ஒரு நிழல், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமாக, வலது பக்கம். அந்த நிழலை அணைத்துக் காட்டினார். விரல் துணியைப் பிடிக்காமல் மேலே கிடந்தது.

இவ்வளவு செய்தும் படத்தில் ஏதோ உறுத்தியது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் மணிக்கட்டைக் காட்டினார்: பச்சைக் கவுன் வெயிலில் அடித்த பச்சைச் சாயல் அங்கேயும் முகவாய்க்கு அடியிலும் தங்கியிருந்தது. கன்னத்து நிறத்தை எடுத்து, Color முறையில் மெல்லத் தடவினார். அதன்மேல் துளி சிவப்பு. அப்போதுதான் பாவாடை அவளுடையதானது.

கையில் என்ன கொடுப்பது என்பதையும் கையைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார். மூடிய கை என்றால் கரும்பு நுழையும், மேலேயும் கீழேயும் தெரிந்தால் போதும். விரிந்த கையில் கரும்போ புல்லாங்குழலோ நிற்காது. அதற்குப் பானைமேல் கை வைத்த மாதிரி. கிறிஸ்துமஸுக்கு ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மெழுகுவர்த்தி கேட்பார்களாம், அதற்கும் மூடிய கைதான் வேண்டும்.

நான் இருந்தபோதே ஒருவர் மகன் படத்தோடு வந்தார். முழுக்கைச் சட்டை, இரண்டு கையும் பாக்கெட்டுக்குள். கண்ணன் வேஷம் வேண்டும் என்றார். இவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "மார்பும் இல்ல, கையும் இல்ல, நான் எதச் சார் வச்சி செய்வேன்? புள்ளையக் கூட்டிட்டு வாங்க. வேஷ டிரஸ் வாடகைக்குக் கிடைக்கும், நானே எடுத்துத் தரேன். இதவிடக் காசும் கம்மிதான்." வந்தவர் பக்கத்துத் தெருவில் ஐந்து நிமிடத்தில் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள் என்றார். தருவார்கள், போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வழியும் சொன்னார் இவர்.